தோட்டப்புறக் கடைக்கான ஸ்வாட் ஸ்லைடு

ஒரு தொழிலின் வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றை நான்கு கட்டங்களில், குறுந்தொடர்களாக, ஒரே பக்கத்தில் காட்டுவது ஸ்வாட் ஸ்லைடு. மேல் வரிசையில் உள்ள வலிமையும் பலவீனமும் கடைக்காரர் கையில் இருப்பவை. கீழ் வரிசையில் உள்ள வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியிலிருந்து வருபவை. எது எந்த வரிசை என்ற குழப்பம் வந்தால், "நாளைக்கே கடைக்காரர் நினைத்தால் இதை மாற்ற முடியுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முடியும் என்றால் அது மேலே போக வேண்டியது.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களை ஒட்டிய மளிகைக் கடைகள் சம்பள நாளை நம்பி நடப்பவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் இது மாறவில்லை. அரிசியும் பருப்பும் மாதம் முழுக்கக் கடனுக்குப் போகும். கணக்கு '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தில் ஏறும். இப்படிப்பட்ட கடைக்கு ஸ்லைடு வரைய உட்காருபவர் முதலில் திறக்க வேண்டியது கணினியை அல்ல, அந்தப் புத்தகத்தை.

நாள் ஒன்றுக்குச் சராசரி 500 வெள்ளி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கூட்டினால் பாக்கி 6,000 வெள்ளி நிற்கிறது. அதாவது 12 நாள் விற்பனை. அவசரப்படுபவர் இதை அப்படியே பலவீனக் கட்டத்தில் எழுதிவிடுவார். அது தவறு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே பத்தாம் தேதி வாக்கில் புத்தகத்தை மறுபடி கூட்ட வேண்டும். அதற்குள் 4,000 வெள்ளி திரும்பி வந்திருந்தால் அந்தப் பகுதி பலவீனமே அல்ல. சம்பள நாள்வரை கடன் என்பது டவுன் மினி மார்க்கெட்டுகள் பொதுவாகத் தராத வசதி. ஆட்களைக் கடையோடு கட்டிப்போடுவதும் அதுதான். வராமல் நிற்கும் 2,000 வெள்ளிதான் உண்மையான நோய். ஒரே புத்தகத்திலிருந்து வலிமைக் கட்டத்துக்கு "சம்பள நாள்வரை கடன் வசதி" என்றும், பலவீனக் கட்டத்துக்கு "சம்பளத்துக்குப் பின்னும் 2,000 வெள்ளி பாக்கி" என்றும் இரண்டு தொடர் கிடைக்கின்றன.

"நல்ல சேவை", "போட்டி அதிகம்" போன்ற தொடர்கள் எந்தக் கடைக்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் உதவாது. பிரிட்டிஷ் நிறுவனங்களின் ஸ்வாட் பட்டியல்களை ஆராய்ந்த டெரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் இருவரும் 1997இல் சொன்ன குறையும் இதுவே: பட்டியல் நீளம், சொற்கள் பொத்தாம்பொது, எது முக்கியம் என்ற வரிசை இல்லை. கட்டத்துக்கு மூன்று தொடர் போதும், ஒவ்வொன்றும் ஒரு வரிக்குள். வலிமையில் "காலை 5 மணிக்குத் திறப்பு", வாய்ப்பில் "நேபாள, வங்காளதேசத் தொழிலாளர் சமையல் பொருள்", அச்சுறுத்தலில் "டவுனில் 99 ஸ்பீட்மார்ட்", "தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாறுதல்" என்று எழுதினால் கடைக்காரருக்கு உடனே விளங்கும். ஒரு கட்டத்தில் இரண்டுதான் தேறினால் இரண்டோடு விடலாம். மூன்றாவதை இட்டுக்கட்டுவது சமநிலை ஆகாது.

கண்ணுக்குத் தெரியும் சமநிலை வேறு. நான்கு கட்டமும் ஒரே அளவு, எழுத்தும் ஒரே அளவு இருக்க வேண்டும். பவர்பாயிண்டில் எழுத்து மிகுந்தால் அதைத் தானே சுருக்கும் அமைப்பு உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், நீண்ட தொடர் விழுந்த பலவீனக் கட்டம் மட்டும் பொடி எழுத்தாகிவிடும். பார்ப்பவர் அதை அற்ப விஷயமாக எண்ணிவிடுவார். Do not Autofit என்பதைத் தேர்ந்து, நான்கிலும் 24 புள்ளி அளவு வைத்து, இடம் போதாவிட்டால் சொல்லைக் குறைக்க வேண்டும். பலவீனத்துக்குச் சிவப்பு, வலிமைக்குப் பச்சை என்று அழுத்தமான நிறம் பூசுவதும் அதே சாய்வை உண்டாக்கும். நான்குக்கும் ஒரே வெளிர் நிறம் நல்லது.

கட்டங்களை நிரப்புவதோடு வேலை முடிவதில்லை. 1982இல் ஹைன்ஸ் வைரிச் காட்டிய வழி, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கோத்துப் பார்ப்பது. நம் கடையில் தேங்கிய 2,000 வெள்ளியையும் டவுன் கடையையும் கோத்தால் ஆபத்து தெரிகிறது: பாக்கி வைத்தவர் முகம் காட்டக் கூசி, ரொக்கத்தை டவுனில் கொண்டுபோய்க் கொடுப்பார். கடன், வாடிக்கை இரண்டும் சேர்ந்து போகும். அதற்கு மருந்து கடனை நிறுத்துவது அல்ல. பழைய பாக்கியைத் தனிப் பக்கத்துக்கு மாற்றி, மாதம் 50 வெள்ளி வீதம் கட்டவிட்டு, புதிய கடனுக்கு வீட்டுக்கு வீடு உச்சவரம்பு வைப்பது. தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாறுவதற்கு எதிராகக் கடைக்காரர் செய்யக்கூடியது குறைவு. ஆனால் நீண்ட காலக் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கும் முன் அச்சுறுத்தல் கட்டத்தில் உள்ள அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சம்பளம் போட்ட வாரம் கழிந்ததும், புத்தகத்தைக் கூட்டி ஸ்லைடில் உள்ள தொகையைத் திருத்துங்கள்.