ஓடிபி பக்கத்தில் நழுவும் ஆர்டர்கள்: கடைக்காரர் கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. இன்று அது பெரும்பாலும் ஓடிபி.

ஏன் பாதியில் விடுகிறார்கள்?

ஓடிபி வர லேட்டாகும். வங்கியில் கொடுத்த நம்பர் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கும். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கணக்கில் எப்படித் தெரியும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையோ ராஜபாளையம் துணியையோ ஆன்லைனில் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 180 பேர் ஓடிபி பக்கம் வரை போய், 130 பேருக்குத்தான் பணம் போனது என்றால், 50 பேர் நழுவிவிட்டார்கள்.

அத்தனைக்கும் ஓடிபி காரணமல்ல. பேமென்ட் கேட்வே ரிப்போர்ட்டில், தோல்விக்கான காரணத்தைப் பாருங்கள். 15 பேருக்கு அக்கவுன்ட்டில் பணம் இல்லை என்றால், மீதி 35. அவர்களில் 10 பேர் அதே ஆர்டருக்கு யுபிஐயில் பணம் கட்டியிருந்தால், ஓடிபி படியில் கைவிட்டுப் போனது 25 ஆர்டர்கள்தான்.

அந்த 25-ம் ஒரே வங்கியில் குவிந்தால், எஸ்எம்எஸ் தாமதத்தைச் சந்தேகிக்கலாம்.