செய்வதா, வாங்குவதா?

ரொனால்டு கோஸுக்கு வரலாறு படிக்கத்தான் ஆசை. அதற்கு லத்தீன் வேண்டும், தெரியாது. வேதியியலுக்குப் போகலாமென்றால் கணிதம் பிடிக்கவில்லை. கடைசியில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வணிகவியலுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருடைய பேராசிரியர் அர்னால்ட் பிளான்ட், சந்தையின் விலைகளே தொழிலை ஒழுங்குபடுத்திவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியென்றால் தொழிற்சாலைக்குள் மேனேஜருக்கு என்ன வேலை? இந்தச் சந்தேகத்தோடு 1931-ல், உதவித்தொகை ஒன்றின் துணையில், இருபது வயதுப் பையனாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் எனப் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் போனார். எதைத் தாங்களே செய்கிறார்கள், எதை வெளியே வாங்குகிறார்கள், ஏன் என்று விசாரித்தார். டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களையும் புரட்டினார். ஒரே தொழில் என்று நாம் நினைப்பதற்குள் இத்தனை தனித்தனிக் கடைகளா என்று வியந்தார். ஃபோர்டின் ரிவர் ரூஜ் வளாகமோ இதற்கு நேரெதிர். இரும்பு, கண்ணாடி எல்லாமே அதற்குள்தான்.

இந்தப் பயணத்திலிருந்து 1937-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை பிறந்தது. 1991-ல் அவருக்கு நோபல் கிடைத்தபோதும் அதைத்தான் முதலில் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1938-ல் ‘தி அக்கவுன்டன்ட்’ என்ற லண்டன் வார இதழில் அவர் எழுதிய தொடர். கணக்காளர்களிடம் அவர் வாதாடியது இதுதான்: ஒரு பொருளின் செலவு பேரேட்டில் உட்கார்ந்திருக்கும் எண் அல்ல. எந்த முடிவை எடுக்கப்போகிறீர்களோ, அதை எடுக்காவிட்டால் மிஞ்சும் பணமும், அந்த வசதியை வேறொன்றுக்குப் பயன்படுத்தியிருந்தால் வந்திருக்கும் வருமானமும் சேர்ந்ததுதான் செலவு. அமெரிக்காவில் ஜே. எம். கிளார்க், தேவைக்கேற்பச் செலவின் பொருளும் மாறும் என்று 1923-லேயே எழுதியிருந்தார். ஆனாலும் பட்டறைகளில் ‘அடக்க விலை’ ஒன்றுதான் என்ற நம்பிக்கை அசையவில்லை. இன்றும் பெரிதாக அசைந்துவிடவில்லை.

ஒரு பம்பு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,000 இம்பெல்லர்களைத் தானே செய்கிறது. ஒன்றுக்கு மூலப்பொருள், கூலி, மின்சாரம் 160 ரூபாய். மேல்செலவில் அதன் பங்கு 70 ரூபாய். ஆக அடக்கம் 230. வெளியே ஒருவர் 200-க்குத் தருகிறேன் என்கிறார். முதலாளி பேனாவை எடுத்துவிடுவார்: முப்பது ரூபாய் வீதம் 3 லட்சம் மிச்சம்!

அந்த 70 ரூபாயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 7 லட்சம். அதில் 2.5 லட்சம் இம்பெல்லர் பிரிவு சூப்பர்வைசரின் சம்பளம். பிரிவை மூடினால் நின்றுவிடும். மீதி 4.5 லட்சம் கட்டட வாடகை, மேனேஜர் சம்பளம், எந்திரத் தேய்மானம். மூடினாலும் இவற்றில் ஒரு பைசா குறையாது. அந்தச் சுமை வேறு பொருளின் தலையில் போய் ஏறும், அவ்வளவுதான். ஆக, தானே செய்தால் தவிர்க்கக்கூடிய செலவு 16 லட்சமும் 2.5 லட்சமும் சேர்த்து 18.5 லட்சம். வாங்கினால் 20 லட்சம். 3 லட்சம் லாபமாகத் தெரிந்தது, உண்மையில் 1.5 லட்சம் நஷ்டம்.

இங்கேயே நிறுத்தினால் பாதிக் கணக்குதான். பிரிவை மூடினால் ஒரு ஷெட்டும் சில லேத்துகளும் காலியாகும். அவற்றில் வேறொருவருக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுத்து, அதற்கான எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு 2.4 லட்சம் வருமென்றால், இம்பெல்லர் செய்வதற்காக நாம் அந்த வருமானத்தைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். அதையும் சேர்த்தால் தானே செய்யும் செலவு 20.9 லட்சம். இப்போது வாங்குவதுதான் 90,000 ரூபாய் லாபம். ஆனால் ஜாப் ஒர்க் கொடுக்க ஆள் உண்மையிலேயே இருக்க வேண்டும். காலி ஷெட்டில் பழைய பேட்டர்ன்களை அடுக்கி வைக்கப்போகிறோம் என்றால் அந்த 2.4 லட்சம் வெறும் கற்பனை.

வழக்கமாகச் சறுக்கும் இடம் சூப்பர்வைசர். அவருடைய சம்பளம் மிச்சம் என்று ஒரு கையில் எழுதிவிட்டு, ஜாப் ஒர்க்கைப் பார்த்துக்கொள்ள அவரையே நிறுத்திவிடுவார்கள். 2.4 லட்சத்தைக் கணக்கிட்டபோது அவர் சம்பளம் கழிக்கப்படாதிருந்தால், வாங்கும் வழியில் 20 லட்சத்தோடு அவருடைய 2.5-ஐக் கூட்டி, 2.4-ஐக் கழிக்க வேண்டும்: 20.1 லட்சம். தானே செய்தால் அதே 18.5. முடிவு திரும்பவும் தலைகீழாகிவிட்டது. கூலியும் அப்படித்தான். நிரந்தரத் தொழிலாளர்களை வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை என்றால் அந்த 160 ரூபாயில் உள்ள கூலி எங்கே மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்குப் பேரேட்டில் பதில் கிடைக்காது. ஷெட்டுக்குள் போய் மூடிய மறுநாள் யார் எங்கே நிற்பார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்.