ஐந்து மில்லிவோல்ட்டின் பயணம்

இரண்டு வோல்டேஜில் எது பெரியது என்று சொல்வதுதான் கம்பாரேட்டரின் வேலை. அந்தப் பதில் வரத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பது கேள்வியைப் பொறுத்தது.

1934இல் அமெரிக்க ஆய்வு மாணவர் ஆட்டோ ஷ்மிட், கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சட்டென நிலை மாறும் அதன் குணத்தை வால்வு சர்க்யூட்டில் கொண்டுவந்தார். அதுவே ஷ்மிட் ட்ரிகர்.

1965இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் பாப் விட்லர் அந்த முடிவெடுக்கும் வேலையை ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கினார். மியூஏ 710 என்ற அந்தச் சில்லின் தாமதம் 40 நானோ நொடி. ஆனால் டேட்டாஷீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது: 100 மில்லிவோல்ட் படி, 5 மில்லிவோல்ட் ஓவர்டிரைவ். அதாவது, உள்ளீடு எல்லைக்கு 95 மில்லிவோல்ட் கீழே இருந்து ஒரே தாவலில் எல்லையை 5 மில்லிவோல்ட் தாண்ட வேண்டும்.

விட்லர் நேஷனல் செமிகண்டக்டருக்கு மாறினார். நிபந்தனையும் கூடவே போனது. அங்கே அவர் வடிவமைத்த எல்எம் 111க்கும் அதே சோதனைதான். பிறகு நேஷனலின் மலிவான எல்எம் 339 வந்தது. அதைப் பல நிறுவனங்கள் நகலெடுத்து விற்றன. நகலெடுத்தவற்றில் ஒன்றான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், 2011இல் நேஷனலையே வாங்கிவிட்டது!

எல்எம் 339 டேட்டாஷீட்டில் இரண்டு எண்கள் உண்டு: 5 மில்லிவோல்ட் ஓவர்டிரைவில் 1.3 மைக்ரோ நொடி, சில வோல்ட் தாவலில் 0.3. உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டன்ஸ் நிரம்பினால்தான் வெளியீடு மாறும். ஓவர்டிரைவ் குறைந்தால் அதை நிரப்பும் மின்னோட்டமும் குறையும், தாமதம் கூடும்.

சைன் அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கும்போது இது வம்பாகிறது. அங்கே தாவல் கிடையாது. ஓவர்டிரைவ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட் உச்சம் என்றால் ஏற்றம் மைக்ரோ நொடிக்கு 63 மில்லிவோல்ட். மேற்சொன்ன எண்களை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால் தாமதம் 0.7 மைக்ரோ நொடி. அதே அலை 10 மில்லிவோல்ட்டாகச் சுருங்கினால் 4.3. வித்தியாசம் 3.6 மைக்ரோ நொடி, அதாவது 13 டிகிரி. அதிர்வெண் மாறவேயில்லை, வீச்சு மட்டும்தான் மாறியது.

ஆஃப்செட் பிழையும் இதோடு கலந்துவிடும். பிரித்தறிய ஆசிலாஸ்கோப்பில் வெளியீட்டைப் பாருங்கள். உயர்நிலை, தாழ்நிலை அகலங்கள் வேறுபட்டால் பெரும்பாலும் ஆஃப்செட். அகலங்கள் சமமாக இருந்து இரண்டு விளிம்புகளும் ஒன்றுபோலப் பின்தங்கினால் தாமதம். ஷ்மிட்டின் ஹிஸ்டரிசிஸ் இரைச்சலை அடக்கும், ஆனால் கடக்கும் புள்ளியைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்திவிடும்.

ஆகவே வேகமான சில்லைத் தேடும் முன், சிக்னலைப் பெருக்கிச் சரிவைச் செங்குத்தாக்குங்கள். டேட்டாஷீட்டின் தாமத எண்ணை அதன் ஓவர்டிரைவோடு சேர்த்தே படியுங்கள்.