விதியிலிருந்து எடைக்கு: ஸ்பேம் வடிகட்டியின் வரலாற்றில் இயந்திரக் கற்றல் சேர்த்தது என்ன?

2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரகாம் 'ஸ்பேமுக்கு ஒரு திட்டம்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கணக்கு வருகிறது. அவர் சேர்த்து வைத்திருந்த ஸ்பேம் மடல்களில் `click` என்ற ஒரே சொல்லைத் தேடினாலே 79.7 விழுக்காடு பிடிபட்டுவிடுகிறது. நல்ல மடல்களில் 1.2 விழுக்காடுதான் தவறாக மாட்டுகிறது. ஒரே வரி விதிக்கு இவ்வளவு பலன் என்றால் இன்னும் ஐம்பது விதி எழுதினால் வேலை முடிந்துவிடும் என்று எவருக்கும் தோன்றும். கிரகாமுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஸ்பேமின் அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தேடும் நிரலை எழுதுவதில் ஏறக்குறைய ஆறு மாதம் செலவிட்டார். முதல் பெருந்தொகை எளிதாகச் சிக்கியது. மிஞ்சிய சில விழுக்காட்டைப் பிடிக்க விதிகளை இறுக்க இறுக்க, நல்ல மடல்களும் கூடவே அடிபடத் தொடங்கின.

1.2 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஆயிரம் நல்ல மடல்களில் பன்னிரண்டு காணாமல் போகின்றன என்பதே அதன் பொருள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று வேலைக்கான நேர்காணல் அழைப்பாக இருக்கலாம். ஒரு ஸ்பேம் தப்பி உள்ளே வந்தால் அழித்துவிட்டுப் போகிறோம். நல்ல மடல் ஒன்று குப்பைக்குப் போனால் அது வந்ததே நமக்குத் தெரியாது. இரண்டு தவறுகளும் சமமல்ல. வடிகட்டியின் வரலாற்றை முன்னே தள்ளிய விசை இந்தச் சமமின்மைதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வேண்டாத மடல் கணினி வலையமைப்பின் தொடக்கத்திலேயே உண்டு. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி தர்க், தம் நிறுவனக் கணினியை விளம்பரப்படுத்தி அர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். தொண்ணூறுகளில் இணையம் வணிகத்துக்குத் திறந்தபின் இது வெள்ளமானது. தடுக்க முனைந்தவர்கள் முதலில் எடுத்த கருவி விதி: தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் தள்ளு, இந்த முகவரியிலிருந்து வந்தால் தள்ளு. விதி எழுதுபவர் தம் முன் உள்ள ஸ்பேமைப் பார்த்து எழுதுகிறார். நல்ல மடல்களில் அதே சொல் எத்தனை முறை வருகிறது என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. விதியின் அடிப்படைக் குறை இங்கே இருக்கிறது. அது குற்றத்துக்கான சாட்சியை மட்டுமே கேட்கிறது.

2001 ஏப்ரலில் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் இந்த முறையை ஒரு படி உயர்த்தியது. அதில் எந்த விதியும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. பொருந்திய விதிகளின் மதிப்பெண்களைக் கூட்டி, 5 என்ற எல்லையைத் தொட்டால் மடல் ஸ்பேம். அப்படியானால் ஒரு விதிக்கு 1.2, இன்னொன்றுக்கு 3.1 என்று யார் முடிவு செய்வது? நூற்றுக்கணக்கான விதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது கையால் எடை போட முடியாது. ஒன்றின் எண்ணை மாற்றினால் மற்றவற்றின் பொருத்தமும் மாறிவிடும். ஆகவே, முன்பே தரம் பிரித்து வைத்த ஸ்பேம் குவியலையும் நல்ல மடல் குவியலையும் கணினிக்குக் கொடுத்து, தவறு குறையும் வகையில் மதிப்பெண்களைத் தேடச் சொன்னார்கள். முதலில் மரபியல் வழிமுறை, பின்னர் 3.0 பதிப்பிலிருந்து பெர்செப்ட்ரான் என்ற எளிய கற்றல் முறை. விதிகளை எழுதியது மனிதர், அவற்றின் எடையைக் கண்டது இயந்திரம். இயந்திரக் கற்றல் என்பதை விதிகளுக்கு முற்றிலும் எதிரான ஒன்றாக நினைப்பவர்கள் இந்த இடைக்கட்டத்தைக் கவனிப்பதில்லை. உண்மையில் கற்றல் வடிகட்டிக்குள் நுழைந்த வாசல்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு வாசல் சற்று முன்பே திறந்திருந்தது. 1998இல் மெஹ்ரான் சஹாமி, சூசன் டுமாய்ஸ், டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகியோர் தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுத் தேற்றத்தை ஸ்பேமுக்குப் பொருத்தி ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1,789 மடல்கள்தான் அவர்களிடம் இருந்தன. ஆனால் ஒரு முடிவை மிகத் தெளிவாக எடுத்தார்கள்: ஸ்பேம் என்பதற்கான நிகழ்தகவு 99.9 விழுக்காட்டைத் தாண்டினால் ஒழிய ஒரு மடலை ஸ்பேம் என்று சொல்லக்கூடாது. நல்ல மடலை இழப்பது பல மடங்கு கொடியது என்ற நியாயம் இங்கே ஓர் எண்ணாகிவிட்டது. விதியில் இப்படி ஓர் எண்ணை வைக்க இடமே இல்லை. விதி பொருந்தும், அல்லது பொருந்தாது.

கிரகாம் இதே வகை வழியை எளிமையான வடிவில், தனிமனிதர் பயன்படுத்தும் கருவியாக்கினார். 4,000 ஸ்பேம், 4,000 நல்ல மடல். எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்தகவு. புது மடல் வந்தால், நடுநிலையான 0.5இலிருந்து மிகவும் விலகி நிற்கும் 15 சொற்களை மட்டும் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பது. 0.9ஐத் தாண்டினால் ஸ்பேம்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை மடற்பெட்டியில் பார்ப்போம். இலக்கிய அமைப்பு ஒன்றின் செயலாளருக்கு வரும் மடல்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குவியலிலும் 4,000 மடல்கள். 'பரிசு' என்ற சொல் ஸ்பேமில் 400 முறை, நல்ல மடல்களில் 40 முறை வருகிறது. கிரகாம் நல்ல மடலின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்கிறார், நல்லவை அடிபடாமல் இருக்க. அதனால் 400க்கு 80, அதாவது 5க்கு 1 என்ற விகிதத்தில் ஸ்பேம் பக்கம் சாய்வு. 'கிளிக்' ஸ்பேமில் 800, நல்லதில் 20, இரட்டித்தால் 40. இது 20க்கு 1. இந்த இரு சொற்களும் சேர்ந்து வரும் மடலுக்கு விகிதங்களைப் பெருக்கினால் 100க்கு 1, நிகழ்தகவாக 0.99. ஸ்பேம்தான்.

இப்போது ஒரு பதிப்பகம் எழுதுகிறது: சிறுகதைப் போட்டியின் பரிசு விவரம் பார்க்க இங்கே கிளிக் செய்யவும். விதிப்படி இது உடனே குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் 'சிறுகதை' இந்தப் பெட்டியின் ஸ்பேமில் 2 முறை, நல்ல மடல்களில் 300 முறை வந்திருக்கிறது. எந்தச் சொல்லுக்கும் 0.01க்குக் கீழே நிகழ்தகவு தருவதில்லை என்பது கிரகாமின் வரம்பு. ஆகவே அதன் விகிதம் 1க்கு 99. மூன்றையும் பெருக்கினால் 100க்கு 99. நிகழ்தகவு ஏறக்குறைய 0.5. எல்லை 0.9 என்பதால் மடல் உள்ளே வந்துவிடுகிறது. 'சிறுகதை' வந்தால் விட்டுவிடு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சொல் நல்லவர் பக்கம் சாட்சி சொல்லும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியவும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கணக்காளரின் பெட்டியில் அதே சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போகலாம். அவரைக் காப்பது 'ரசீது' ஆக இருக்கலாம்.

இயந்திரக் கற்றல் கூடுதலாகத் தந்தது இதைத்தான். ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை எழுதியவரின் யூகத்திலிருந்து எடுத்து, இரு தரப்புச் சான்றுகளின் எண்ணிக்கையிடம் அது ஒப்படைத்தது. மனிதக் கண்ணுக்குப் படாத சான்றுகளும் அதனால் வெளியே வந்தன. `ff0000` என்பது எச்.டி.எம்.எல்லில் பளிச்சென்ற சிவப்பு நிறத்தின் குறியீடு. கிரகாமின் கணக்கில் எந்த ஆபாசச் சொல்லுக்கும் குறையாத ஸ்பேம் அடையாளமாக அது வந்து நின்றது. விதி எழுதிக்கொண்டிருந்த ஆறு மாதத்தில் அப்படி ஒன்றைத் தேட யாருக்குத் தோன்றியிருக்கும்?

இந்த முறையின் பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. எண்ணிக்கையை நம்பும் கருவியை எண்ணிக்கையைக் கெடுத்து ஏமாற்றலாம். ஸ்பேம் அனுப்புவோர் மடலின் அடியில் சம்பந்தமில்லாத நல்ல சொற்களைக் கொட்டத் தொடங்கினர். கண்மூடித்தனமாகக் கொட்டுவது பெரும்பாலும் பலிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் நல்ல சொல் வேறு, அது அனுப்புபவருக்குத் தெரியாது. கற்கும் குவியலுக்குள்ளேயே நஞ்சைக் கலப்பது இன்னும் ஆபத்தானது. ஸ்பேம்பேய்ஸ் என்ற வடிகட்டியை வைத்து 2008இல் வெளியான பெர்க்லி ஆய்வு ஒன்று, பயிற்சி மடல்களில் 1 விழுக்காட்டைத் தாக்குபவர் தம் கைக்குள் கொண்டுவந்தாலே வடிகட்டியைப் பயனற்றதாக்கிவிடலாம் என்று காட்டியது. நல்ல மடல்களில் வழங்கும் சொற்களை நிறையத் திணித்த ஸ்பேமை அனுப்பினால், வடிகட்டி அந்தச் சொற்களையே சந்தேகிக்கக் கற்றுக்கொள்கிறது. நாளடைவில் நல்ல மடல்கள் ஸ்பேம் பெட்டியில் சேரத் தொடங்கும். பயனர் அதைக் கவனித்தால்தான் பழுது தெரியவரும்.

விதியும் கற்றலும் எங்கே பிரிகின்றன என்பதை 2010 ஜனவரி 1 அன்று நடந்த ஒரு பிழை மிக அருகிலிருந்து காட்டுகிறது. ஸ்பேம் அனுப்புவோர் சிலர், மடல் பட்டியலின் உச்சியில் நிற்பதற்காக எதிர்காலத் தேதியைப் போடுவதுண்டு. அதைப் பிடிக்க ஸ்பேம்அசாசினில் இப்படி ஒரு விதி இருந்தது:

```
header FH_DATE_PAST_20XX Date =~ /20[1-9][0-9]/ [if-unset: 2006]
```

தேதியில் 2010 முதல் 2099 வரை எந்த ஆண்டு இருந்தாலும் அது எட்டாத எதிர்காலம் என்பது இதன் பொருள். எழுதியபோது சரியான விதிதான். புத்தாண்டு பிறந்ததும் உலகில் ஒழுங்காக அனுப்பப்பட்ட ஒவ்வொரு மடலும் இதில் சிக்கியது. நிறுவியிருந்த அமைப்பைப் பொறுத்து ஏறக்குறைய 2 முதல் 3.5 மதிப்பெண் வரை ஏறியது. எல்லை 5 என்பதால், வேறு சிறு சந்தேகம் ஒன்றிரண்டு இருந்த நல்ல மடல்களும் குப்பைக்குப் போயின.

அந்த மதிப்பெண் கையால் இட்டதல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பயிற்சிக் குவியலிலிருந்து இயந்திரம் கண்டுபிடித்த எடை அது. அந்தக் குவியலின் நல்ல மடல்களில் 2010 என்ற தேதியே இல்லை. ஆகவே அந்த விதி நல்ல மடலைத் தொடுவதே இல்லை என்று இயந்திரம் முடிவு கட்டியது. தன் முன் இருந்த சான்றுகளின்படி அது சரியாகவே கணக்கிட்டது. நாளை வரப்போகும் மடல் நேற்றைய குவியலைப் போலவே இருக்கும் என்ற அனுமானம்தான் உடைந்தது.

சொற்களை எண்ணும் பேய்ஸ் வடிகட்டியும் அன்று இதே தவறைச் செய்திருக்கலாம். 2010 என்ற தேதி அதுவரை ஸ்பேமில் மட்டுமே வந்திருந்தால், அதையும் ஸ்பேம் சொல்லாகவே அது எண்ணியிருக்கும். அதுவரை பார்த்தே இராத சொல்லாக இருந்தால் கிரகாமின் முறை 0.4 என்று கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கும். வேறுபாடு பிழை திருந்தும் வழியில் இருக்கிறது. பேய்ஸ் வடிகட்டி வைத்திருப்பவர் சில நல்ல மடல்களை ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்து 'இது ஸ்பேம் அல்ல' என்று சொன்னால், எண்ணிக்கை மாறி, சில நாட்களில் அந்தச் சொல்லின் எடை தானே இறங்கிவிடும். ஸ்பேம்அசாசினின் விதியோ யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து திருத்தி, அத்திருத்தம் ஒவ்வொரு சேவையகத்துக்கும் போய்ச்சேரும்வரை காத்திருந்தது. வளர்ச்சிப் பதிப்பில் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தும், மக்கள் நிறுவியிருந்த பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. புத்தாண்டு நாளில் அவசரமாக அனுப்பப்பட்ட திருத்தத்தில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. `[1-9]` என்பது `[2-9]` ஆயிற்று. அந்த வடிவம் 2019 டிசம்பர் 31 வரைதான் தாங்கக்கூடியதாக இருந்தது.