கான்டாங்கோ, பேக்வர்டேஷன்

முன்பேரச் சந்தையில் பிந்தைய மாத ஒப்பந்தத்தின் விலை, உடனடிச் சரக்கின் விலையான ஸ்பாட் விலையைவிட அதிகமாக இருப்பது கான்டாங்கோ. குறைவாக இருப்பது பேக்வர்டேஷன். எந்த நிலையில் இருந்தாலும், ஒப்பந்தம் முடியும் நாளில் இரு விலைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் விற்கப்படும் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஓர் ஒப்பந்தம் 1,000 பீப்பாய். சரக்கைக் கைமாற்ற வேண்டிய இடம் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங். இன்று ஸ்பாட் விலை 20 டாலர், அடுத்த மாத ஒப்பந்தம் 23 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி வாடகையும் முதலுக்கான வட்டியும் சேர்ந்து பீப்பாய்க்கு 1 டாலர். தொட்டி வைத்திருக்கும் வியாபாரி இன்று எண்ணெய் வாங்கி, அதே நேரத்தில் ஒப்பந்தத்தை விற்று, ஒரு மாதம் கழித்துச் சரக்கை ஒப்படைப்பார். செலவு போக 2,000 டாலர் மிச்சம். பலரும் இதையே செய்ய, ஸ்பாட் விலை ஏறும், முன்பேர விலை இறங்கும். இடைவெளி சேமிப்புச் செலவின் அளவுக்குச் சுருங்கும்.

நாள் நெருங்க நெருங்கச் சேமிக்க வேண்டிய காலமும் குறைகிறது. அதனால் அந்தச் செலவும் கரைகிறது. கடைசி நாளில் ஒப்பந்தம் என்பது ஏறக்குறைய சரக்கேதான். அப்போதும் ஒப்பந்த விலை கூடுதலாக இருந்தால் சரக்கை வாங்கி ஒப்படைப்பார்கள். குறைவாக இருந்தால் ஒப்பந்தத்தை வாங்கிச் சரக்கை எடுத்து விற்பார்கள். விலைகளைச் சேர்த்துவைப்பது இந்த ஒப்படைப்புக் கடமைதான்.

பேக்வர்டேஷன் வருவது இருப்பு வற்றும்போது. சுத்திகரிப்பு ஆலை நின்றுவிடக் கூடாது என்பதால், கையில் இருக்கும் எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கான்டாங்கோவை அடக்கும் சேமிப்புச் செலவு போன்ற ஓர் உச்சவரம்பு இதற்கு இல்லை. இன்றைய எண்ணெயை நாளைக்குச் சேமிக்கலாம். நாளைய எண்ணெயை இன்றைக்குக் கொண்டுவர முடியாது.

கான்டாங்கோவுக்கான அந்த வரம்பும் தொட்டியில் இடம் இருக்கும்வரைதான் செல்லும். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் தேவை சரிந்து, குஷிங்கில் மீதமிருந்த இடமும் பெரும்பாலும் முன்பதிவாகிவிட்டது. மே மாத ஒப்பந்தத்தின் கடைசி வர்த்தக நாள் ஏப்ரல் 21. வாங்கிவைத்திருந்தவர்களில் பலருக்கு எண்ணெயைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. முந்தைய நாளான 20-ஆம் தேதி அந்த ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20.43 டாலர். இந்தியாவின் எம்.சி.எக்ஸ். சந்தையும் நைமெக்ஸ் விலையைப் பின்பற்றித் தன் ஏப்ரல் ஒப்பந்தத்தைப் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்த்தது.

விலைகள் ஒன்றுசேரும் விதி அன்று பொய்த்துவிட்டது என்று சொல்வது சரியல்ல. வைக்க இடமில்லாதவருக்குக் குஷிங்கில் கிடைக்கும் எண்ணெய் சுமைதான். ஒப்பந்தம் அந்த மதிப்பை நோக்கியே சரிந்தது. கடலில் ஏற்றப்படும் பிரென்ட் எண்ணெயின் ஒப்பந்தம் பணமாகவே தீர்க்கப்படக்கூடியது. அது அன்று 25 டாலருக்கு மேல்தான் இருந்தது.