வருவாய் அறிவிப்பும் இயல்புமீறிய ஈட்டமும்

ஒரு நிறுவனம் தன் வருவாயை அறிவிக்கும்போது, அச்செய்தியினால் மட்டும் பங்கு விலை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் முறை நிகழ்வு ஆய்வு எனப்படும். பங்கு அந்த நாளில் ஈட்டியதிலிருந்து, செய்தி இல்லாதிருந்தால் ஈட்டியிருக்கக் கூடியதைக் கழித்தால் எஞ்சுவது இயல்புமீறிய ஈட்டம். அறிவிப்புக்கு முன்னும் பின்னுமாக எடுத்துக்கொள்ளும் சில நாள்கள் நிகழ்வுச் சாளரம். அந்நாள்களின் இயல்புமீறிய ஈட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் திரண்ட ஈட்டம் கிடைக்கும்.

இம்முறையின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, 1933இல் ஜேம்ஸ் டாலி பங்குப் பிரிப்புகளைப் பற்றிச் செய்த ஆய்வு. 1921 முதல் 1931 வரையிலான 95 பிரிப்புகளை எடுத்து, விலை ஏறியவை 57, இறங்கியவை 26 என்று எண்ணினார். ஏறியது பிரிப்பினாலா, அன்று சந்தையே ஏறியதாலா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. சந்தையின் பங்கைப் பிரித்தெடுக்கக் கருவியும் தரவும் தேவைப்பட்டன. கருவி 1963இல் வில்லியம் ஷார்ப் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. ஒரு பங்கின் ஈட்டத்தைச் சந்தைக் குறியீட்டின் ஈட்டத்தோடு ஒரு நேர்கோட்டால் இணைப்பதே சந்தை மாதிரி. தரவு சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1960இல் அங்கு நிறுவப்பட்ட பங்கு விலை ஆய்வு மையம், நியூயார்க் பங்குச் சந்தையின் மாதாந்திர விலைகளை 1926 வரை பின்னோக்கித் தொகுத்துக் கணினி நாடாவில் ஏற்றியது. அந்த நாடா இல்லையென்றால் இத்துறையே இல்லை.

அதே சிகாகோவில் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் 1968இல் கணக்கியலின் அடித்தளத்தையே சோதித்தனர். செலவுகளைப் பதியும் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்போது, நிகர வருவாய் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை என்று அன்றைய கணக்கியல் அறிஞர் சிலர் வாதிட்டு வந்தனர். அப்படியானால் அந்த எண்ணோடு பங்கு விலைக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. இருவரும் 261 நிறுவனங்களை எடுத்தனர். மற்ற நிறுவனங்களின் வருவாய் மாறிய அளவைக் கொண்டு ஒவ்வொன்றின் வருவாயையும் கணித்து, உண்மை வருவாய் அதற்கு மேல் வந்தால் நற்செய்தி, கீழே வந்தால் கெட்ட செய்தி என்று பிரித்தனர். அறிவிப்புக்கு 12 மாதங்கள் முன்பிருந்து 6 மாதங்கள் பின்வரை சந்தை நீக்கிய ஈட்டத்தைத் திரட்டியபோது இரு கோடுகளும் விரிந்து பிரிந்தன. நற்செய்திக் கோடு மேலே, மற்றது கீழே. வியப்பு என்னவெனில், பிரிவில் பெரும்பகுதி அறிவிப்புக்கு முன்பே முடிந்திருந்தது. ஆண்டு வருவாய் சொல்லும் செய்தியில் 85 முதல் 90 விழுக்காட்டைச் சந்தை வேறு வழிகளில் முன்கூட்டியே அறிந்துகொள்கிறது என்று இருவரும் மதிப்பிட்டனர். வருவாய் எண்ணுக்குப் பொருள் உண்டு என்பது இதோடு நிலைநாட்டப்பட்டது.

பாலும் பிரவுனும் ஈட்டங்களைப் பெருக்கித் திரட்டினர். கூட்டித் திரட்டும் வழக்கத்தைப் பரப்பியது, 1969இல் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் ஆகிய நால்வர் 940 பங்குப் பிரிப்புகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை. சாளரம் குறுகியதாயின் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு வராது. கூட்டலுக்குத் திட்டப் பிழை காண்பது எளிது என்பதால் அதுவே நிலைத்தது.

கணக்கிடும் முறை இது. சாளரத்துக்கு முந்தைய 250 வணிக நாள்கள் போன்ற ஒரு காலப்பகுதியில் பங்கின் ஈட்டத்தையும் சந்தையின் ஈட்டத்தையும் பொருத்தி, வெட்டுத்துண்டு ஆல்பாவையும் சாய்வு பீட்டாவையும் காண வேண்டும். அந்தப் பகுதி சாளரத்துக்குள் நீளக் கூடாது. நீண்டால், அளக்க வேண்டிய தாவலே அளவுகோலுக்குள் புகுந்துவிடும். பிறகு சாளரத்தின் ஒவ்வொரு நாளுக்கும்:

```
AR = R − (α + β × Rm)
```

கற்பனையான ஒரு பங்கைக் கொள்வோம். ஆல்பா 0.02%, பீட்டா 1.2. அறிவிப்பு நாளில் சந்தை 1% ஏற, பங்கு 4% ஏறியது. எதிர்பார்க்கத்தக்கது 1.22%, எனவே இயல்புமீறியது 2.78%. முந்தைய நாளில் சந்தை 0.5% இறங்க, பங்கு 0.10% மட்டுமே இறங்கியது, இயல்புமீறியது 0.48%. மறுநாள் சந்தை 0.3% ஏற, பங்கு 0.90% ஏறியது, இயல்புமீறியது 0.52%. மூன்று நாளும் சேர்ந்த திரண்ட ஈட்டம் 3.78%.

இது பெரிய தொகைதான். ஆனால் செய்தி இல்லாத நாள்களிலும் இந்தப் பங்கின் எச்சம் 1.5% திட்டவிலக்கத்தோடு ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நாள் கூட்டுத்தொகையின் திட்டப் பிழை 1.5ஐ 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய 2.6% ஆகும். 3.78ஐ அதனால் வகுத்தால் 1.45. வழக்கமான 1.96 எல்லையை இது எட்டவில்லை. ஒற்றை நிறுவனத்தைக் கொண்டு உறுதியாக எதையும் சொல்ல முடியாது. இதே சராசரி 36 நிறுவனங்களில் கிடைத்தால் திட்டப் பிழை ஆறில் ஒரு பங்காகி 0.43% ஆகும், முடிவு ஐயமற்றதாகிவிடும்.

சாளரத்தை விரித்தால் நேர்மாறாக நடக்கும். 41 நாள்களைக் கூட்டினால் ஒரு பங்கின் திட்டப் பிழை 9.6% ஆகி, மூன்று நாள் தாவல் அதில் மூழ்கிவிடும். திரண்ட ஈட்டத்தின் வரைகோட்டைப் படிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தற்செயலான எச்சங்களைக் கூட்டினாலும் கோடு நீண்ட ஏற்றமாகவோ இறக்கமாகவோ அலையும். கண் அதைப் போக்கு என்று கொள்ளும். கோட்டோடு திட்டப் பிழையின் விரியும் பட்டையையும் வரைந்தால் எது போக்கு, எது அலைவு என்று தெரியும்.

கிரெய்க் மெக்கின்லி 1997இல் வெளியிட்ட எடுத்துக்காட்டு இன்றும் பாடமாக உள்ளது. டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 30 நிறுவனங்கள், 1989 முதல் 1993 வரை 600 காலாண்டு அறிவிப்புகள். ஆய்வாளர்களின் சராசரிக் கணிப்பை உண்மை வருவாய் 2.5 விழுக்காட்டுக்கு மேல் விஞ்சினால் நற்செய்தி. அறிவிப்பு நாளில் நற்செய்திப் பங்குகளின் சராசரி இயல்புமீறிய ஈட்டம் 0.965%, திட்டப் பிழை 0.104%, கெட்ட செய்திக்கு −0.679%. மறுநாளும் நற்செய்திப் பங்குகள் 0.251% ஈட்டின. சந்தை மூடிய பின் வெளியான அறிவிப்புகளுக்கு மறுநாளே விலையில் பதில் வருவது இதற்கு ஒரு காரணம். ஆகவே நாளைக் குறிக்கும்போது நேரத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு இடர் பருவம். நிறுவனங்கள் பலவும் ஒரே வாரங்களில் அறிவிப்பதால், ஒரே துறையின் எச்சங்கள் சேர்ந்தே ஆடும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் திட்டப் பிழை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். அறிவிப்பு நாளில் விலையின் ஆட்டமே பெருகுவதும் அதே பக்கம்தான் பிழையைத் தள்ளும். 1991இல் போமர், முசுமெசி, பவுல்சன் ஆகியோர் அந்த நாளில் நிறுவனங்களுக்கிடையே காணும் விரிவைக் கொண்டே திட்டப் பிழையைக் காணும் சோதனையைத் தந்தனர்.

பால், பிரவுன் வரைந்த கோடுகள் அறிவிப்புக்குப் பின்னும் சிறிது விலகிக்கொண்டே சென்றன. செய்தியை முதலீட்டாளர்கள் மெதுவாகச் செரிப்பதே இதன் காரணம் என்று 1989இல் பெர்னார்ட், தாமஸ் வாதிட்டனர்: மிக நல்ல பத்தில் ஒரு பகுதியை வாங்கி, மிக மோசமான பத்தில் ஒரு பகுதியை விற்றால் 60 வணிக நாள்களில் ஏறத்தாழ 4.2% இயல்புமீறிய ஈட்டம் கிடைத்தது. இன்று நிமிடவாரி விலைகளைக் கொண்டும் இதே கணக்கு செய்யப்படுகிறது.