வட்டார உரையாடலைத் திருத்துதல் (ஸ்பானிய நாவல்)

ஸ்பானிய நாவலின் பாத்திரப் பேச்சில் ஆசிரியர் தெரிந்தே வைத்த வழுக்களில் மெய்ப்பு நோக்குபவர் எதில் கைவைக்கலாம் என்று முடிவுசெய்யும் பணி. நாட்டுப்புறக் கிழவர் 'ஆயா' என்னும் வினைவடிவத்தை 'ஐகா' என்றால் அது அவர் குரல், தொடக்கூடாது. அவரே சில பக்கம் தள்ளி 'ஆயா' என்றால், தானாக மாற்றாமல் ஓரத்தில் குறித்து ஆசிரியரைக் கேட்க வேண்டும். அர்ஜென்டினரின் 'வோஸ் தெனேஸ்' பிழையே அல்ல. அங்கே அதுதான் செம்மையான வழக்கு.

எழுத்துக்கூட்டல் வேறு விஷயம். 'பே', 'ஊவே' எழுத்துகளுக்கு ஸ்பானியத்தில் ஒலி ஒன்றுதான். அவற்றை மாற்றிப் போட்டால் பேச்சு மாறாது. பேசுபவர் எழுத்தறியாதவராகத் தெரிவார், அவ்வளவே. உரையாடலில் அதைத் திருத்தப் பரிந்துரைப்பதே நியாயம். பாத்திரமே எழுதிய கடிதமானால் அப்படியே விடலாம்.